பிரசவ லீவும் பதினோராம் வகுப்பும்

ஆசிரியை ஒருத்தி பிரசவ லீவு கோரி எழுதும் விண்ணப்பம் பெரும்பாலும் நான்கு வரிகளில் முடிந்துவிடுகின்றது. வைத்தியர் குறித்த திகதி இது. இத்தனை நாள் லீவு வேண்டும். அனுமதிக்குமாறு பணிவுடன் கேட்டுக் கொள்கின்றேன் என்பதோடு கையொப்பம் விழுகின்றது. அலுவலகத்துக்கு அது போதும். பொது 125 அ என்னும் படிவத்தை நிரப்பி, வைத்தியச் சான்றிதழை இணைத்து, அதிபர் ஊடாக வலயக் கல்விப் பணிப்பாளருக்கு அனுப்பினால் காரியம் நடந்துவிடும். ஆனால் அந்த ஆசிரியையின் முன்னே நாள்தோறும் அமர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு அது போதுமா என்பதே கேள்வி. லீவு நமது உரிமை, அதில் ஐயமில்லை. அந்த உரிமையை முழுமையாக அனுபவிக்கவும், வகுப்பு தவித்துப் போகாதிருக்கவும் விண்ணப்பத்தோடு சேர்ந்து இன்னும் இரண்டு காரியங்கள் நடக்க வேண்டியிருக்கின்றன. ஒன்று வகுப்புகளை ஒப்படைத்தல். மற்றது திரும்பி வரும் விதத்தை முன்னரே தீர்மானித்தல்.

எமது இரண்டாவது பிரசவத்தின்போது இம்மூன்றையும் ஒன்றாக வைத்துச் சிந்திக்க வேண்டிய நிர்ப்பந்தம் ஏற்பட்டது. நாம் கற்பிப்பது கணிதம். அவ்வாண்டில் தரம் 11இல் ஒரு வகுப்பும், தரம் 10இல் ஒன்றும், தரம் 8இல் ஒன்றும் எமது பொறுப்பில் இருந்தன. தரம் 8க்கு நாமே வகுப்பாசிரியை. தரம் 11இல் 31 பிள்ளைகள். அவர்களுக்கு க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை வருவதற்கு, நாம் லீவில் செல்லும் நாளிலிருந்து எண்ணினால், சரியாக 30 வாரங்கள் இருந்தன. கணிதத்தில் தவறினால் உயர்தர வகுப்பின் கதவு அவர்களுக்குத் திறப்பது கடினம் என்பதைப் பெற்றோர் நன்கு அறிவர். பாடசாலையோ சிறியது. எம்மைத் தவிரக் கணித ஆசிரியர் ஒருவர்தாம் உண்டு. அவருடைய நேரசூசியில் மூச்சு விடவும் இடமில்லை. வலயத்திலிருந்து பதிலாசிரியர் வருவார் என்று காத்திருப்பதில் பயனில்லை என்பது தொடக்கத்திலேயே தெளிவாயிற்று.

முதலில் நாட்களின் கணக்கைப் பார்ப்போம். மற்றவை யாவும் அதன்மீதே நிற்கின்றன. அரசாங்க சேவையிலுள்ள தாய்மாருக்குரிய லீவைத் தாபனவிதிக் கோவையின் 12ஆம் அத்தியாயம் கூறுகின்றது. 2005ஆம் ஆண்டின் 4ஆம் இலக்க அரசாங்க நிர்வாகச் சுற்றறிக்கை அதனை இன்றுள்ள முறைக்கு விரித்தது. அதன்படி முழுச் சம்பளத்துடன் 84 நாட்கள், அதன்பின் வேண்டுமாயின் அரைச் சம்பளத்துடன் 84 நாட்கள், அதற்கும் பின்னர் சம்பளமின்றி 84 நாட்கள் என மூன்று படிகள் உள. மூன்று இடத்திலும் 84 என்னும் ஒரே எண் வருவதால், மூன்றும் ஒரே நீளமுடையவை என்று பலர் மயங்கிவிடுகின்றனர். முதலாவது 84இல் சனி, ஞாயிறு, அரசாங்க விடுமுறை நாட்கள் சேரா. இரண்டாவது 84இலோ அவையும் எண்ணப்படும். ஆகவே அரைச் சம்பள லீவு சரியாக 12 வாரங்களில் தீர்ந்துபோம். முழுச் சம்பள லீவு அதனினும் நீளமானது.

எவ்வளவு நீளம்? வாரத்துக்கு 5 நாட்களாக எண்ணினால் 84 நாட்கள் என்பது 16 வாரமும் 4 நாளும் ஆகும். திங்கட்கிழமை லீவு தொடங்கினால் 17ஆம் வாரத்து வியாழக்கிழமை 84ஆம் நாள். ஆனால் நம் நாட்டில் மாதந்தோறும் பூரணை வருகின்றது, பண்டிகைகள் வருகின்றன. அவற்றுள் வார நாளில் விழும் ஒவ்வொன்றும் திரும்பும் நாளை ஒரு நாள் தள்ளிவைக்கும். எமது காலப்பகுதியில் அவ்வாறு கணக்கில் சேராத நாட்கள் 6 இருந்தன. 84உடன் 6ஐக் கூட்டினால் 90. 90ஐ 5ஆல் வகுத்தால் 18. ஆகவே 18ஆம் வாரத்து வெள்ளிக்கிழமையோடு லீவு முடிந்து, 19ஆம் வாரத்துத் திங்களன்று நாம் வகுப்பில் நிற்க வேண்டும். தவணை விடுமுறை இடையில் குறுக்கிடும்போது எண்ணிக்கை சிக்கலாகிவிடும். ஆதலால் திரும்பும் திகதியை நாமே விரல்விட்டு எண்ணி அறிவிப்பதை விட, வலயக் காரியாலயத்து லீவுப் பகுதியிடம் எழுத்தில் பெற்றுக்கொள்வதே நன்று. வேறொரு பாடசாலையில் பணியாற்றிய ஆசிரியை ஒருவர் 12 வாரம் என்று எண்ணிப் பதிலாசிரியருக்குச் சொல்லிவிட்டுச் சென்றார். 13ஆம் வாரத்தில் பதிலாசிரியர் தமது பழைய வகுப்புக்குத் திரும்பிவிட்டார். ஐந்து வாரத்துக்கு மேல் அவ்வகுப்பில் கணிதம் நடக்கவில்லை. இருவர் மீதும் பிழையில்லை. எண் ஒன்றின்மீதே பிழை.

திரும்பும் நாள் நிச்சயமானது. புறப்படும் நாள் அவ்வாறன்று. வைத்தியர் குறிக்கும் திகதியிலேயே பிறக்கும் குழந்தைகள் சிலவே. 37 வாரம் நிறைந்த பின் எந்நாளிலும் பிரசவம் நேரலாம். அது குறைமாதமாகக் கொள்ளப்படுவதில்லை. ஆகையால் குறித்த திகதிக்கு இரண்டு வாரம் முன்னிருந்து லீவு கேட்டிருந்தாலும், ஒப்படைக்கும் ஏடுகளை நான்கு வாரம் முன்னரே முடித்து அதிபரின் மேசையில் வைத்துவிட வேண்டும் என்று தீர்மானித்தோம். நாளைக்கு வருவோம் என்று எண்ணி மேசை இழுப்பறையைப் பூட்டிச் சென்ற ஆசிரியை, அன்றிரவே ஆஸ்பத்திரிக்குச் செல்ல நேர்ந்தால், புள்ளிப் பதிவேடு அந்த இழுப்பறைக்குள்ளேயே கிடக்கும்.

பின்னால் அதிக நாள் குழந்தையுடன் இருக்கலாமே என்று, கடைசி நாள் வரை வேலை செய்ய விரும்பும் தாய்மார் உளர். அதனை முடிவு செய்ய வேண்டியவர் வைத்தியரேயன்றி நாமல்லர். இரத்த அழுத்தமும் கால் வீக்கமும் நேரசூசியைப் பார்த்து வருவனவல்ல. மறுபுறத்தில், பிரசவம் நிகழ்ந்து நான்கு வாரம் ஆகும் வரை தாயை வேலைக்குத் திரும்ப அனுமதித்தல் ஆகாது என்பதும் விதியாகும். எவ்வளவு அவசரமான பரீட்சை வகுப்பாயினும் அந்த நான்கு வாரங்களை எவரும் கேட்க முடியாது. நாமும் கொடுக்க முடியாது.

இனி ஒப்படைத்தலுக்கு வருவோம். நாம் ஆசிரியத் தொழிலுக்கு வந்த புதிதில், லீவில் சென்ற ஒருவரின் வகுப்பை ஏற்க நேர்ந்தது. எமக்குக் கிடைத்த குறிப்பு ஒரே வரி: ‘9ஆம் அலகு வரை முடிந்தது’. முடிந்தது என்றால் என்ன பொருள்? ஆசிரியர் கற்பித்து முடித்தாரா, பிள்ளைகள் கற்று முடித்தனரா? இரண்டும் வேறு வேறு. பாடக்குறிப்பு முன்னதைச் சொல்லும், பின்னதைச் சொல்லாது. அந்த ஒரு வரியின் உட்பொருளைக் கண்டறிய எமக்கு மூன்று வாரங்கள் சென்றன. அதனாலேயே எமது முறை வந்தபோது, புறப்படுமுன் ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு பாடவேளையில், அதாவது 40 நிமிடத்தில், எழுதக்கூடிய 10 கேள்விகளைக் கொடுத்தோம். புள்ளி இடுவதற்காகவன்று, ஒவ்வொரு கேள்விக்கும் எத்தனை பேர் சரியான விடை எழுதினர் என்று எண்ணுவதற்காக.

தரம் 11இல் நடந்தது இது. ஏட்டின்படி மடக்கை அலகு எப்போதோ முடிந்துவிட்டது. 0.0345 என்னும் எண்ணின் மடக்கையை எழுதுக என்பது ஒரு கேள்வி. அட்டவணையில் 3.45க்கு 0.5378 என்று காண்போம். 0.0345 என்பது 3.45ஐப் பத்தின் சுட்டி மறை 2ஆல் பெருக்கியது. ஆகவே விடையின் முழுவெண் பகுதி மறை 2. தசமப் பகுதி நேர் 0.5378. இரண்டையும் சேர்த்து எழுதும்போது, 2இன் தலைக்கு மேல் மாத்திரம் ஒரு கோடு இடுகின்றோம். கோடு தசமப் பகுதியைத் தொடாது. 31 பேரில் 19 பேர் கோட்டை எண்ணுக்கு முன்னே இட்டு, முழுவதையும் மறை ஆக்கிவிட்டனர். மறை 2.5378 என்பது வேறு எண். சரியான பெறுமானம் மறை 1.4622 அன்றோ?

இப்பிழை ஒரு கேள்வியோடு நிற்பதில்லை. அந்த மடக்கையுடன் 1.8000ஐக் கூட்டச் சொன்னால், தசமப் பகுதிகள் சேர்ந்து 1.3378 ஆகும், அதில் 1ஐ இடப்பக்கம் கொண்டு சென்றால், மறை 2உடன் 1உம் 1உம் சேர்ந்து பூச்சியம், விடை 0.3378. கோட்டைத் தவறாகப் புரிந்த பிள்ளைக்கு வருவது மறை 0.7378. அதற்கு அட்டவணையில் இடமே இல்லாததால் பிள்ளை திகைத்து நிற்கும், கேள்வியை விட்டுவிடும். கூம்பின் கனவளவும் மடக்கையும் ஒரே கேள்வியில் வருவதுண்டு என்பதால், கனவளவு நன்றாகத் தெரிந்த பிள்ளையும் அங்கே புள்ளியை இழக்கும். ஆகவே எமது ஒப்படைப்பு ஏட்டில் ‘மடக்கை முடிந்தது’ என்று எழுதவில்லை. ‘கோட்டுக்குரிய பொருள் 19 பேருக்குத் தெளிவில்லை, புதிய அலகு தொடங்குமுன் இரண்டு பாடவேளை இதற்கு வேண்டும், விடையில் மறைத் தசமம் கண்டால் அதுவே நோயின் அறிகுறி’ என்று எழுதினோம். 19 பிள்ளைகளின் பெயரும் பின்தாளில் இருந்தன.

யாரிடம் ஒப்படைப்பது என்பது அடுத்தது. அதிபரும், நேரசூசி தயாரிக்கும் பிரதி அதிபரும் நாமும் அமர்ந்து பேசியபோது, தரம் 10ஐ மற்றக் கணித ஆசிரியர் எவ்வாறோ ஏற்றுக்கொண்டார். தரம் 8 புதிதாக வந்த பட்டதாரி ஆசிரியைக்குச் சென்றது. தரம் 11 விஞ்ஞானம் கற்பிக்கும் மூத்த ஆசிரியையிடம் வந்தது. அவரை நாம் அக்கா என்றே அழைப்பது வழக்கம். “தங்கச்சி, வரைபும் திரிகோணகணிதமும் என்றால் எனக்குப் பயமில்லை. தேற்றம் நிறுவச் சொன்னால் மாத்திரம் எனக்குக் கை நடுங்கும்,” என்றார் அவர். அந்த வார்த்தையைக் கொண்டே 18 வாரத்துத் திட்டத்தை அமைத்தோம். விஞ்ஞானத்தில் அவர் நாள்தோறும் வரைபு வரைகின்றார். ஆகவே வரைபுகள், சமன்பாடுகள், பைதகரசின் தேற்றத்தைக் கொண்டு கணித்தல், திரிகோணகணிதம், நிகழ்தகவு ஆகியவை அவருக்கு. வட்ட நாற்பக்கலும் தொடலியும் நாம் திரும்பி வந்த பின்னர். பாடத்திட்டத்து வரிசையை இவ்வாறு மாற்றும்போது, பின்வரும் அலகுக்கு முன்வரும் அலகு தேவையாயிருக்கின்றதா என்பதை மாத்திரம் பார்க்க வேண்டும். வட்ட நாற்பக்கலைப் படிக்காமல் திரிகோணகணிதம் படிக்கலாம், வரைபு படிக்கலாம். ஆனால் கடினமானவை அனைத்தையும் ‘நான் வந்து பார்க்கின்றேன்’ என்று ஒதுக்கினால், திரும்பிய பின் உள்ள 12 வாரங்களும் வெடித்துவிடும். இரண்டு அலகுக்கு மேல் ஒதுக்கவில்லை.

அக்கா எமக்காக வாரத்துக்கு ஐந்து ஓய்வுப் பாடவேளைகளை இழந்தார் என்பதையும் கூற வேண்டும். ஒருவர் லீவில் செல்லும்போது வேலை மறைந்துவிடுவதில்லை. வேறொருவர் தோளுக்கு மாறுகின்றது. அந்தச் சுமையைக் குறைக்க எம்மால் இயன்றது, வாரம் ஒன்றுக்கு ஒரு பயிற்சித்தாள் வீதம் விடைகளோடு முன்னரே எழுதி, நிழற்பிரதி எடுத்து அடுக்கி வைத்ததே. விடை மாத்திரமன்றி வழியும் எழுதினோம். கணிதம் தம் பாடமல்லாத ஆசிரியருக்கு விடையைவிட வழியே தேவை.

வகுப்பாசிரியைப் பொறுப்பு வேறு. தரம் 8இன் இடாப்பு, புள்ளிப் பதிவேடு, பாடசாலை மட்டக் கணிப்பீட்டுப் புள்ளிகள், அலுமாரித் திறப்பு, தளபாட எண்ணிக்கை ஆகியவற்றைப் பட்டியலிட்டு, புதிய ஆசிரியையும் நாமும் கையொப்பம் இட்டு, ஒரு பிரதியை அதிபரிடம் கொடுத்தோம். பிள்ளைகளைப் பற்றி எழுதுகையில் ஓர் எல்லை வேண்டும். ஒரு பிள்ளைக்குக் கரும்பலகை தெளிவாகத் தெரிவதில்லை, முன்வாங்கில் இருத்தவும் என்பது எழுத வேண்டியது. இன்னொரு பிள்ளையின் வீட்டுச் சண்டை எழுத வேண்டியதன்று. ஏடு பலர் கையில் புரளும். ‘காலையில் தாமதமாக வந்தால் கோபிக்க வேண்டாம், காரணம் அதிபருக்குத் தெரியும்’ என்பதே போதுமானதாயிருந்தது.

லீவுக் காலத்தில் தொலைபேசி எவ்வாறு என்பதையும் பேசி முடித்தோம். முதல் ஆறு வாரம் எவரும் அழைப்பதில்லை. அதன்பின் சனிக்கிழமை மாலை அக்கா அழைப்பார், அவசரமாயின் அதிபர். இவ்வளவு வெளிப்படையாகப் பேசாவிட்டால், ‘ஒரு சின்னச் சந்தேகம்’ என்று தொடங்கி, பால் கொடுக்கும் நேரத்திலும் ஒரு கேள்வி வந்துகொண்டேயிருக்கும். அழைப்பவருக்குத் தீய எண்ணமில்லை. எல்லை தெரியாததே காரணம்.

இனித் திரும்பும் திட்டம். இதில்தான் எமது மனம் அதிகம் அல்லற்பட்டது. 30 வாரத்தில் 18 போனால் 12 வாரம் மீதி. அரைச் சம்பள லீவும் 12 வாரம். அதனைப் பெற்றால் குழந்தையோடு ஆறு மாதத்துக்கு மேல் இருக்கலாம். ஆனால் தரம் 11 பரீட்சை மண்டபத்துக்குச் சென்றுவிடும். பெறாவிட்டால், நான்கு மாதம் நிறையும் முன்னரே குழந்தையை அம்மாவின் கையில் விட்டுப் போக வேண்டும். வீட்டில் இதற்கு ஒரே விடை இல்லை. சம்பளம் பாதியானால் வீட்டுக் கடன் தவணை என்னாவது என்ற கணக்கும் பக்கத்தில் இருந்தது. நாம் அப்போதே முடிவு கூறவில்லை. பிறக்காத குழந்தையின் உடல்நிலையை அறியாமல் அளிக்கும் வாக்குறுதிக்குப் பெறுமதி இல்லை. ஆகவே இரண்டு வழிகளையும் விண்ணப்பத்தின் இணைப்பிலே எழுதி, எந்நாளில் முடிவு தெரிவிப்போம் என்பதை மாத்திரம் உறுதியாகக் குறித்தோம். அந்த இணைப்பின் முக்கிய பகுதி வருமாறு:

‘எனது பிரசவ லீவு …… ஆம் திகதி திங்கட்கிழமை தொடங்குமாறு அனுமதிக்க வேண்டுகின்றேன். வைத்தியச் சான்றிதழ் இத்துடன் உளது. பிறப்பத்தாட்சிப் பத்திரத்தின் பிரதியைப் பின்னர் சமர்ப்பிப்பேன். எனது மூன்று வகுப்புகளும் மூன்று ஆசிரியர்களிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளன. அவர்கள் கையொப்பமிட்ட ஏடுகள் தங்களிடம் உள்ளன. அரைச் சம்பள லீவு பெறுவேனா என்பதை 14ஆம் வார முடிவுக்குள் எழுத்தில் அறிவிப்பேன். பெறாது திரும்பின், 19ஆம் வாரத்தில் தரம் 11ஐப் பதிலாசிரியையுடன் சேர்ந்தும், 20ஆம் வாரம் முதல் தனியாகவும் பொறுப்பேற்பேன். பெறுவேனாயின், தரம் 11 பரீட்சை முடியும் வரை பதிலாசிரியையிடமே இருக்குமாறும், வட்ட நாற்பக்கல், தொடலி ஆகிய இரண்டு அலகுகளை மாத்திரம் மற்றக் கணித ஆசிரியர் கற்பிக்குமாறும் வேண்டுகின்றேன்.’

கடைசி வாக்கியத்துக்குக் காரணம் உண்டு. பரீட்சைக்கு மூன்று நான்கு வாரம் இருக்கையில் ஆசிரியை மாறுவது பிள்ளைகளுக்கு உதவியாகாது. ஒருவர் எழுதும் முறைக்குப் பழகிய கை, வேறொரு முறையைக் கண்டு தடுமாறும். அரைகுறையாகத் திரும்புவதினும் திரும்பாதிருப்பதே மேல் என்னும் ஒரு கட்டம் உண்டு. அதனைத் திட்டத்தில் முன்கூட்டியே ஒப்புக்கொள்ள வேண்டும்.

குழந்தை, குறித்த திகதிக்கு ஐந்து நாள் முன்னராகப் பிறந்தது, பெண் குழந்தை. 14ஆம் வாரத்தில் குழந்தை நலமாயிருந்தது, எடை அட்டையிலும் குறைவில்லை. அரைச் சம்பள லீவு வேண்டாம் என்று எழுதி அனுப்பினோம். இவ்வாறு அரைச் சம்பள லீவையும் சம்பளமற்ற லீவையும் பெறாது திரும்பும் தாய்க்கு, குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும் வரை, பாலூட்டுவதற்காக ஒரு மணி நேரம் முன்னதாகச் செல்லும் சலுகை உண்டு. எமக்கு அது ஒன்பது வாரத்துக்குச் சற்று அதிகம். காகிதத்தில் இது எளிதாகத் தோன்றும். பாடசாலை நேரசூசியிலோ சிக்கல். பாடசாலை 1.30க்கு முடிகின்றது. 12.30க்குப் புறப்பட்டால் எட்டாம் பாடவேளை முழுவதும் போகும், 12.10க்குத் தொடங்கும் ஏழாம் பாடவேளையில் 20 நிமிடம் மாத்திரம் மிஞ்சும். 20 நிமிடத்தில் தேற்றம் ஒன்றை நிறுவ முடியாது. ஏழாம், எட்டாம் பாடவேளைகளில் எமக்கு வகுப்பு வராதபடி மாற்றித் தருமாறு, லீவில் செல்லுமுன்னரே பிரதி அதிபரிடம் கேட்டிருந்தோம். திரும்பி வந்த பின் கேட்டிருந்தால், நடுத்தவணையில் 20 ஆசிரியர்களின் நேரசூசியைக் குலைக்க வேண்டியிருந்திருக்கும். சலுகை ஏட்டில் இருந்து, நாம் வகுப்பில் இருந்திருப்போம்.

திரும்பிய முதல் வாரத்தில் தரம் 11க்கு நாம் கற்பிக்கவில்லை. பின்வாங்கில் அமர்ந்து, அக்கா கற்பிப்பதையும் பிள்ளைகள் கொப்பியில் எழுதுவதையும் பார்த்தோம். வியாழக்கிழமை, 18 வாரம் முன்பு கொடுத்த அதே 10 கேள்விகளை எண்களை மாத்திரம் மாற்றிக் கொடுத்தோம். மடக்கைக் கேள்விக்கு இம்முறை 24 பேர் சரியாக எழுதினர். முன்பு சரியாக எழுதியோர் 12 பேர். மீதி 7 பேருக்கு மாத்திரம் வெள்ளிதோறும் தனியாக ஒரு பாடவேளை வைத்தோம். மாறாக, பெருக்கல் விருத்தியில் முன்பு நன்றாகச் செய்தவர்கள் பலர் சூத்திரத்தையே மறந்திருந்தனர். 18 வாரம் தொடாத அலகு துருப்பிடிப்பது இயல்பு. பதிலாசிரியையின் குறை என்று எண்ணுவது அநீதி. இந்தத் தாள் கையில் இல்லாதிருந்தால், ‘எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லித் தருகின்றேன்’ என்று தொடங்கி, அக்கா உழைத்த 18 வாரத்தையும் மீண்டும் செலவழித்திருக்கலாம். அது பிள்ளைகளுக்கும் நட்டம், அக்காவுக்கும் அவமதிப்பு.

அந்த ஒன்பது வாரமும் 12.30க்கு நாம் வாயிலைத் தாண்டும்போது, ஒரு பிள்ளை மாத்திரம் ஜன்னலோரமாக நின்று, “ரீச்சர், தங்கச்சிக்குப் பசிக்குதா?” என்று கேட்பாள். ஆம் என்று தலையசைத்துவிட்டு நடப்போம். அவளுடைய பெயர் அந்த 19 பேர் பட்டியலில் இருந்தது. இரண்டாம் பட்டியலில் இல்லை.

லீவுக்கு எழுதவிருக்கும் சகோதரிகளுக்கு நாம் கூறக்கூடியது இதுவே. படிவத்தை நிரப்புமுன் மூன்று தாள்களை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவதில் காரியாலயம் எழுத்தில் தந்த திகதிகள். இரண்டாவதில் பிள்ளைகள் உண்மையில் எங்கே நிற்கின்றனர் என்பது. மூன்றாவதில் திரும்பினால் என்ன, திரும்பாவிட்டால் என்ன என்பது. மூன்றையும் நான்கு வாரம் முன்னரே கொடுத்துவிட்டால், இழுப்பறைத் திறப்பைப் பற்றிய கவலை இன்றி ஆஸ்பத்திரிக்குச் செல்லலாம்.